பவளம் வெளுத்த பிறகும் மீன் இருக்கிறதே, அது எப்படி? – குமரிக் கடற்கரையில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கடியபட்டணம், முட்டம் பக்கம் சிப்பி எடுக்க முங்குகிறவர்கள், தூத்தூர் வட்டாரத்திலிருந்து லட்சத்தீவு வரை போய்த் தூண்டில் போடுகிறவர்கள், நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் எனப் பலரும் சில வருடங்களாக என்னிடம் கேட்டவை இவை. கேட்டவர் சொன்ன மாதிரியே கேள்வியை எழுதியிருக்கிறேன். சுற்றிச் சுற்றி எல்லாரும் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: பவளம் செத்துவிட்டது என்கிறார்கள், ஆனால் மீன் அப்படியேதானே இருக்கிறது? அதனால் அந்தக் கேள்விக்குத்தான் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

"பவளம்னா கல்லுதானே? கல்லு எப்படிச் சாகும்?"

நாம் பார்க்கிற கல், அதன் எலும்பு. உயிர் இருப்பது அந்தக் கல்லின் மேல் தோல் மாதிரி படர்ந்திருக்கிற மெல்லிய சதையில். அந்தச் சதை ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உயிர்கள் சேர்ந்தது. ஒவ்வொன்றும் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். நடுவில் ஒரு வாய், வாயைச் சுற்றிக் குட்டிக் கைகள். இராத்திரியில் கைகளை நீட்டி, தண்ணீரில் மிதந்து வருகிற நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும்.

ஆனால் அந்தத் தீனி மட்டும் அதற்குப் போதாது. அதன் சதைக்குள்ளேயே ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பகலில் அவை வெயிலை வைத்துச் சர்க்கரை தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடும். நல்ல நாளில் பவளத்துக்கு வேண்டிய சத்தில் 90 சதவீதம் வரைக்கும் இப்படி வந்துவிடும். பவளத்தின் பழுப்பு, பச்சை, மஞ்சள் நிறத்தில் பெரும்பகுதியும் இந்தக் குடித்தனக்காரர்களுடையதுதான்.

"வெள்ளையாப் போச்சுன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமா?"

இல்லை. இதில்தான் பலரும் தவறுகிறார்கள், செய்தித்தாளில் எழுதுகிறவர்கள் உட்பட.

தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி, வெயிலும் உறைப்பாக அடிக்கும்போது, அந்தப் பாசிக்குள் வெளிச்சத்தைச் சர்க்கரையாக்குகிற ஏற்பாடு பழுதாகிவிடும். வாங்கிய வெளிச்சத்தைச் செலவழிக்க வழி இல்லாமல், செல்லை அரிக்கக்கூடிய ஒருவகை ஆக்சிஜன் அதிலிருந்து கசியும். நேற்று வரை சோறு போட்டவனே இன்று விஷம் கக்குகிற நிலை. பவளம் வேறு வழியில்லாமல் பாசியை வெளியே தள்ளிவிடும். பாசி போனதும் சதை கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கிற சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரியும். அதைத்தான் வெளுத்துப்போச்சு என்கிறோம்.

அந்த நேரத்தில் பவளம் உயிரோடுதான் இருக்கிறது, பட்டினியாக. சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துச் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் தண்ணீர் குளிர்ந்தால், மிச்சமிருக்கிற கொஞ்சம் பாசி பெருகி, சில வாரங்களிலோ மாதங்களிலோ நிறம் திரும்பும். குளிரவில்லை என்றால் செத்துவிடும்.

இரண்டையும் கண்ணால் பிரிக்கலாம். லட்சத்தீவில் ஒரு மான்கொம்புப் பவளத்தை ஒரு முழ தூரத்தில் இருந்து வெகுநேரம் பார்த்திருக்கிறேன். ஒரு கிளை பளீரென்று வெள்ளை. உற்றுப் பார்த்தால் அதன் மேல் வழுவழுப்பான ஒரு மினுக்கம், சின்னக் குழிகளில் கண்ணுக்குத் தெரியாத மாதிரி அசையும் கைகள். அது உயிர். அதே பவளத்தின் அடுத்த கிளையில் வெள்ளையின் மேல் பச்சையும் பழுப்புமாக, ஈரச்சுவரில் பூஞ்சை பிடித்த மாதிரி ஒரு பூச்சு. அது செத்துச் சில நாட்கள் ஆகியிருந்தது. உயிருள்ள பவளம் தன்மேல் வெளிப்பாசி படர விடாது. படர்ந்துவிட்டது என்றால் கதை முடிந்தது. சந்தேகம் தீரத் தொட்டுப் பார்க்காதீர்கள். பட்டினி கிடக்கிற சதை விரல் பட்டாலே பிய்ந்துவிடும்.

இன்னொன்று: சில பவளம் வெளுப்பதற்கு முன் நீலமும் ஊதாவுமாக ஒளிவிடும். பார்க்க அழகாக இருக்கும், படம் எடுத்துப் போடுவார்கள். அதுவும் சூட்டின் அறிகுறிதான்.

"நம்ம கடலு எப்பவுமே சூடுதானே? எத்தனை டிகிரியில வெளுக்கும்?"

எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரு டிகிரி கிடையாது. அந்தந்த இடத்துப் பவளம் அந்தந்த இடத்துச் சூட்டுக்குப் பழகியிருக்கும். வருடத்திலேயே சூடான மாதத்தில் அந்த இடத்தில் வழக்கமாக இருக்கிற சராசரி எவ்வளவோ, அதற்கு மேல் ஒரு டிகிரி கூடி, அது வாரக்கணக்கில் நின்றால் ஆபத்து. நமக்கு ஒரு டிகிரி ஒன்றுமில்லை. பவளத்துக்கு அது 99 டிகிரியில் நிற்கிற காய்ச்சல் நூறைத் தாண்டிப்போய் இறங்காமல் இருக்கிற மாதிரி.

அமெரிக்காவின் நோவா நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக இதைக் கணக்குப் போடுகிறது. கணக்கு எளிது, நாமே போட்டுப் பார்க்கலாம். ஓர் இடத்தின் சூடான மாதச் சராசரி 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 30.6. ஒரு டிகிரிக்குக் குறைவாகத்தான் கூடியிருக்கிறது, கணக்கில் வராது. இரண்டாம் வாரம் 31.2, அதாவது 1.2 கூடுதல். மூன்றாம் வாரம் 31.5, நான்காம் வாரம் 31.4. ஐந்தாம் வாரம் ஒரு மழை பெய்து 30.8 ஆகிறது, அதை விட்டுவிடுங்கள். 1.2, 1.5, 1.4 மூன்றையும் கூட்டினால் 4.1. இப்படிக் கடைசி 12 வாரங்களின் கூடுதல் சூட்டைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை 4 வந்தால் வெளுப்பு நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். 8 வந்தால் பரவலாக வெளுத்து, சாவும் தொடங்கும்.

ஒரு நாள் கொதித்தது என்பதைவிட எத்தனை வாரம் நின்றது என்பதுதான் முக்கியம் என்று இந்தக் கணக்கிலேயே தெரியும். நம் நாட்டில் ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனமும் மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் பகுதிகளுக்கு வெளுப்பு எச்சரிக்கை தருகிறது.

ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலை. உங்கள் பார், அதாவது மீன் சேருகிற கடலடிப் பாறை, பத்து மீட்டர் ஆழத்தில் இருந்தால் அங்கே சூடு வேறாக இருக்கலாம். கலங்கல் தண்ணீர் வெயிலை மறைத்துக் காப்பாற்றியிருக்கலாம். அதனால் எச்சரிக்கை வந்த இடமெல்லாம் வெளுத்திருக்கும் என்று எழுதிவிட முடியாது. முங்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"சாக்கடை, டீசல், அறுந்த வலை இதெல்லாம் விட்டுட்டு வெயிலையே குறை சொல்றீங்களே?"

அவையும் கெடுக்கும். மழைவெள்ளம் ஒரேயடியாகக் கடலில் இறங்கினால்கூட அந்த இடத்துப் பவளம் வெளுக்கும். ஆனால் சாக்கடை ஒரு துறையைக் கெடுக்கும், ஆற்று முகத்தைக் கெடுக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கிற தீவுகள் எல்லாம் ஒரே மாதத்தில் வெளுத்தால் அதற்குச் சூடு ஒன்றுதான் காரணம். 1998, 2010, 2016, 2024 ஆகிய வருடங்களில் நடந்தது அதுதான். அதில் சாக்கடைக்கும் வலைக்கும் உள்ள பங்கு வேறு: வெளுத்த பவளம் பிழைத்து எழுமா, எழாதா என்பதை அவை தீர்மானிக்கும்.

"குமரி மாவட்டத்துல பவளப்பாறையே கிடையாதே அண்ணா, நாம எதுக்கு இதைப் பேசணும்?"

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றி இருக்கிற மாதிரி, பவளமே கட்டி எழுப்பிய திட்டு நம்மிடம் இல்லைதான். நம்முடையது கல்பார். முட்டம், கடியபட்டணம், இனயம் பக்கமெல்லாம் கரையை ஒட்டிக் கருங்கல் கடலுக்குள் இறங்கிப் போகிறது. அதன் மேல் சிப்பி, பஞ்சுயிரி, மென்பவளம், அங்கங்கே ஒட்டிப் படர்ந்த கல்பவளம். நம் பாரில் பவளம் விருந்தாளி, வீட்டுக்காரன் கல்.

அதோடு நமக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. கச்சான் காற்று எழுந்ததும், ஆனி ஆடியில், குமரி முனையைச் சுற்றி ஆழத்தில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறி வரும். சித்திரையில் வெதுவெதுப்பாக இருந்த கடல் சில வாரங்களில் சில டிகிரி இறங்கிவிடும். அந்த மாதத்தில் முங்குகிறவர்கள் பல் கிட்டிக்கொண்டு மேலே வருவது அதனால்தான். சூடு வாரக்கணக்கில் சேர்வதற்குள் இந்தத் தண்ணீர் வந்து கணக்கை அடைத்துவிடும்.

சரி, பிறகு ஏன் பேச வேண்டும்? நம்மவர்கள் பிடிக்கிற மீன் நம் கரையில் மட்டும் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்க்காரர்களின் படகுகள் போகாத கடல் இல்லை. லட்சத்தீவைச் சுற்றிய கடல் அவர்களுக்குப் பக்கத்து வயல் மாதிரி. அங்கே தீவுக்காரர்கள் சூரையைத் தூண்டிலில் பிடிக்க, உயிரோடு வாரி இறைக்கிற சின்ன மீன்கூடப் பவளத்தை ஒட்டிய களப்பில் இருந்துதான் வருகிறது. கிழக்கே மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் பவளம், நடுவில் நாம்.

"எலே மக்கா, நான் போன இடத்துல பவளம் பூரா செத்துக் கிடந்துச்சு. மீனு மட்டும் மொய்ச்சுக்கிட்டு நின்னுச்சு. அப்போ மீனுக்கு ஒண்ணும் ஆகாதுதானே?"

மாமா, நீங்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் எந்த வருடத்தில் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு அர்த்தம் சொல்ல முடியும்.

வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள் என்று வையுங்கள். அடுத்த நாளே கூரை விழுந்துவிடுமா? கறையான் உத்திரத்தை அரிக்க வேண்டும், நாலு மழை பெய்து சுவர் ஊற வேண்டும். அதுவரை வீடு வீடு மாதிரியே நிற்கும். அணிலும் புறாவும் குடியிருக்கும். செத்த பவளமும் அப்படித்தான். மீனுக்கு அது தீனி மட்டும் அல்ல, வீடு. தீனி முதலில் போகும், வீடு பிறகு போகும்.

முதல் சில மாதங்களில் அடிபடுகிறவை பவளச் சதையையே தின்னும் மீன்கள். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல அப்படி. மேசை மாதிரி விரிந்த ஒரு பவளத்தைத் தன்னுடையது என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் வருகிற இன்னொன்றை விரட்டுகிற குணம் அவற்றுக்கு உண்டு. 2016 வெளுப்புக்கு முன்னும் பின்னும் இந்தோ பசிபிக் கடலில் பல பாறைகளில் இந்தச் சண்டைகளை ஆட்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். வெளுப்புக்குப் பிறகு சண்டை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. சமாதானம் ஆகிவிடவில்லை. சண்டை போடத் தெம்பும் இல்லை, காக்க வேண்டிய பவளமும் இல்லை. மீனை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அதே சமயம், கிளைகளுக்கு நடுவே ஒளிகிற விரல் நீளச் சின்ன மீன்களும் அடிபடும். பழுப்புக் கிளைக்கு நடுவில் மறைந்திருந்தது இப்போது வெள்ளைத் துணியில் விழுந்த கடுகு மாதிரி வேட்டை மீனின் கண்ணில் படும்.

அதற்கு அடுத்த மூன்று நான்கு வருடங்கள்தான் நீங்கள் பார்த்த காலம். எலும்பு நிற்கிறது. அதன் மேல் பாசி வளர்ந்திருக்கிறது. பாசி தின்னும் மீனுக்குக் கொண்டாட்டம். பார் நிறைய மீன்.

பிறகு கறையான் வேலை தொடங்கும். துளைக்கிற பஞ்சுயிரி, புழு, கல்லைக் குடைகிற சிப்பி, சுரண்டித் தின்னும் கடல் முள்ளெலி எல்லாம் சேர்ந்து எலும்பை உள்ளுக்குள் பொத்தலாக்கும். ஐந்து முதல் பத்து வருடத்தில் ஒரு பெரிய அலைக்காலம் வந்து அதை நொறுக்கிச் சரளைக்கல் ஆக்கிவிடும். அப்போதுதான் மீனுக்கு நிஜமான அடி விழும்.

செஷல்ஸ் தீவுகளில் இதை முழுசாகப் பார்த்திருக்கிறார்கள். 1998 வெளுப்பில் அங்கே உள்தீவுகளைச் சுற்றி உயிர்ப்பவளத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. வெளுப்புக்கு முன்னால், 1994-இல், மீனை எண்ணி வைத்திருந்தார்கள். 2005-இல் அதே இடங்களில் திரும்பவும் எண்ணினார்கள். ஒரு முழத்துக்கும் குறைவான, 30 சென்டிமீட்டருக்கு உட்பட்ட மீன்கள் குறைந்துவிட்டன. 45 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவை கூடியிருந்தன.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். படகில் இருந்து பார்க்கிறவருக்குப் பெரிய மீன் வருகிறது, மனசு நிறைகிறது. ஆனால் அந்தப் பெரிய மீன்கள் வெளுப்புக்கு முன்னால், பவளம் உயிரோடு இருந்தபோது குஞ்சாக வந்து வளர்ந்தவை. அவற்றின் இடத்துக்கு வர வேண்டிய குஞ்சுகள் கீழே இல்லை. கிழவர்கள் மட்டும் இருக்கிற ஊர் மாதிரி. தலை எண்ணிக்கை சரியாக இருக்கும், பள்ளிக்கூடத்தில் பிள்ளை இருக்காது.

"கடல்ல மீன் பிடிக்கத் தடை போட்டா இது நடக்காதுல்ல?"

மீன் பிடிப்பதால் வருகிற குறைவைத் தடை சரிசெய்யும். சூட்டுக்கு வேலி கிடையாது. பாப்புவா நியூகினியில் கிம்பே விரிகுடாவில் 1990-களின் நடுவில் இருந்து எட்டு வருடங்கள் பார்த்தார்கள். பவளம் குறையக் குறைய, முக்கால்வாசி மீன் வகைகள் எண்ணிக்கையில் குறைந்தன. ஏறத்தாழ பாதி வகைகள் இருந்ததில் பாதிக்கும் கீழே போயின. மீன் பிடிக்கத் தடை இருந்த பகுதியிலும் அதேதான். அங்கே பல மீன் வகைகளின் குஞ்சுகள் கடலில் மிதந்து திரிந்துவிட்டு முதன்முதலில் வந்து இறங்குகிற இடமே உயிருள்ள பவளம்தான்.

லட்சத்தீவிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. அங்கே பல காலம் எல்லாரும் சூரை பிடிக்கப் போனதால் பாறை மீனைப் பெரிதாகத் தொடவில்லை. அப்படி இருந்தும், நீண்ட ஆயுள் உள்ள களவா வகைகள், பாறையின் கட்டமைப்பு கலையாமல் உறுதியாக நின்ற இடங்களில்தான் தங்கின. கலைந்து கலைந்து திரும்ப வளர்ந்த இடங்களில் ஆயுள் குறைந்த களவாக்கள் மட்டும் சமாளித்தன. பத்து இருபது வருடம் வாழ்கிற மீனுக்கு அத்தனை வருடமும் நிற்கிற வீடு வேண்டும்.

"ஓரா மீனு நிறைய கிடைக்குதுன்னா நல்லதுதானே? எடை குறையலையே?"

எடை குறையாமல் இருக்கலாம். செஷல்ஸிலேயே கூண்டு வைத்துப் பிடிக்கிற மீனவர்களின் இருபது வருடக் கணக்கைப் பார்த்தபோது, வெளுப்புக்குப் பிறகு பிடிப்பு விழவில்லை, சில இடங்களில் கூடியது. கூடியது பெரும்பாலும் ஓரா. செத்த பவளத்தின் மேல் பாசி வளர்ந்தால் பாசி தின்னும் ஓராவுக்குச் சோறு கூடும். ஓரா சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முட்டை போடும் மீன்.

ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு வரியும் இருந்தது. பிடிப்பு நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் தாறுமாறாக ஆகிவிட்டது. ஒருவனுக்கு அள்ளிக் கொடுத்தது, இன்னொருவனுக்கு வெறுங்கூண்டு. எட்டுப் பத்து வகை மீனை நம்பி இருந்த துறை ஒரே வகையை நம்ப ஆரம்பித்தால் அப்படித்தான் ஆகும். அந்த ஒன்று தவறினால் வேறு எதுவும் கை கொடுக்காது. ஏலத்தில் எடையை மட்டும் எழுதி வைப்பது எனக்கு உடன்பாடு இல்லாத விஷயம். வகையையும் எழுத வேண்டும்.

"சூடு மீனை நேரடியா ஒண்ணும் பண்ணாதா?"

பண்ணும். பெரும்பாலான மீனுக்கு உடம்புச் சூட்டைத் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாது. தண்ணீர் சூடானால் உடம்பும் சூடாகும், உடம்பு சூடானால் மூச்சு அதிகம் வேண்டும். ஆனால் சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. வரவு குறைந்து செலவு கூடுகிற குடும்பம். நீந்த, இரை பிடிக்க, முட்டை வைக்க மிச்சம் இருக்காது.

நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் சின்னப் பாறை மீன்களுக்கு இது இன்னும் கஷ்டம். வருடம் முழுவதும் சூடு அதிகம் மாறாத தண்ணீரில் பிறந்தவை அவை. பாப்புவா நியூகினி மீன்களை 33, 34 டிகிரித் தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது சில வகைகளின் மூச்சுத் திறன் நன்றாகக் குறைந்தது. சாளை, சூரை என்றால் குளிர்ந்த தண்ணீரைத் தேடிப் போய்விடும். பாரைவிட்டு நூறு மீட்டர்கூடப் போகாத மீன் எங்கே போகும்?

"கிளாத்தி இப்படிக் குவியுதே, பவளம் செத்ததாலதானா?"

அந்த முடிச்சைப் போடாதீர்கள். நம் துறைகளில் குவிகிற கருநீலக் கிளாத்தி தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிரைத் தின்னும் மீன். அதற்குப் பொந்து மட்டும் கல்லில் வேண்டும், உயிர்ப்பவளத்தை நம்பி அது இல்லை. ஒரு மீன் கூடுவதற்கு இரை, நீரோட்டம், அதைத் தின்னும் மீன் குறைந்தது எனப் பல காரணம் இருக்கலாம். பவளத்தால் வந்த மாற்றம் என்றால் ஒரு மீன் கூடுவதோடு நிற்காது. பவளம் தின்னி, கிளையில் ஒளிகிறவை, குஞ்சுகள் என்று வரிசையாகக் குறைந்து, பாசி தின்னி மட்டும் கூடியிருக்கும். அந்த வரிசையைத் தேடுங்கள்.

"கிளிமீனைப் பிடிக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னார், ஏன்?"

முதலில் எந்தக் கிளிமீன் என்று பாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கிளிமீன் என்றால் சிவந்த சங்கரா வகை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அவர் சொன்னது கிளி மூக்கு மாதிரி பற்கள் ஒட்டிய, பச்சையும் நீலமுமான பாறை மீனை. அது செத்த கல்லைக் கறுக் கறுக்கென்று சுரண்டி, பாசியைத் தின்று, கல்லை மணலாக வெளியே விடும். சுரண்டிய வெற்றுக் கல்லில்தான் புதுப் பவளக் குஞ்சு ஒட்ட முடியும். பாசி புதர் மாதிரி வளர்ந்துவிட்டால் இடம் கிடைக்காது. வெளுத்த பாறை திரும்பி எழுகிற வருடங்களில் அதை விட்டுவைப்பது நல்லது என்பதுதான் என் கருத்தும்.

"செத்த பவளம் திரும்ப வராதா?"

செத்தது வராது, புதுசு வரும். நேரம் கொடுத்தால். செஷல்ஸில் பார்த்த 21 பாறைகளில் 12 திரும்பி எழுந்தன, 9 பாசிக்காடாகவே மாறிவிட்டன. எழுந்தவை பெரும்பாலும் கொஞ்சம் ஆழத்தில் இருந்தவை, மேடு பள்ளமும் பொந்துமாகக் கட்டமைப்பு கலையாதவை.

மான்கொம்பு வகைப் பவளம் முதலில் சாகும், ஆனால் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்குக்கூட வளரும். உருண்டைக் கட்டியாக வளர்கிறவை சூட்டைத் தாங்கும், ஆனால் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான். அதனால் திரும்பி வருகிற பாறை பழைய பாறையாக இருக்காது.

நேரம்தான் இப்போது கிடைப்பதில்லை. உலக அளவில் 1980-களின் தொடக்கத்தில் ஓரிடம் கடுமையாக வெளுப்பது 25, 30 வருடத்துக்கு ஒரு தடவை. 2016 வாக்கில் அது ஆறு வருடத்துக்கு ஒரு தடவையாக ஆகிவிட்டது. லட்சத்தீவில் 1998-இல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளம் 2022-இல் சுமார் 19 சதவீதம். அங்கே ஆறு வருடம் வெளுப்பில்லாமல் கழிந்த பிறகுதான் பவளம் நன்றாக எழத் தொடங்குகிறது. 1998-க்கும் 2010-க்கும் நடுவே 12 வருடம் கிடைத்தது. அடுத்து 2016 வரை ஆறு. அடுத்து 2024 வரை எட்டு. எழுந்து உட்காருகிற நேரத்தில் அடுத்த அடி. மன்னார் வளைகுடாவில் 2016 ஒரே கோடையில் உயிர்ப்பவளம் சுமார் 39 சதவீதத்தில் இருந்து 23 சதவீதத்துக்கு வந்தது.

"சிப்பி எடுக்க தினமும் முங்குறோம். நாங்க என்ன பார்த்துக் குறிச்சு வைக்கணும்?"

ஒரே கல்லைத் தேர்ந்தெடுங்கள். கரையில் இருந்து அடையாளம் வைத்துத் திரும்பத் திரும்ப அதற்கே போக முடிகிற கல்லாக இருக்கட்டும். பங்குனியில் ஒரு தடவை, வைகாசியில் கச்சான் பலமாக எழுவதற்கு முன் ஒரு தடவை, ஆடி ஆவணி குளிர் கழிந்ததும் ஒரு தடவை போதும். அதில் ஒட்டியிருக்கிற பவளம் பழுப்பா, மங்கலா, வெள்ளையா, பாசி பிடித்ததா என்று எழுதுங்கள். தேதியோடு ஒரு படம் எடுங்கள். தண்ணீர் கலங்கல் என்றால் அதையும் எழுதுங்கள்.

மூச்சை அடக்கிக் கொஞ்சம் அசையாமல் கேட்டும் பாருங்கள். உயிருள்ள பாரில் கடுகு தாளிக்கிற மாதிரி சடசடவென்று ஒரு சத்தம் இருக்கும், சொடக்குப் போடும் இறால்களின் சத்தம் அது. ஆஸ்திரேலியாவின் பெரிய பவளத்திட்டின் ஒரு பகுதியில் புயல்களுக்கும் 2016 வெளுப்புக்கும் பிறகு அந்தச் சத்தம் நன்றாக அடங்கிப்போனது. கடலில் இருந்து வருகிற மீன்குஞ்சுகள் சத்தத்தை வைத்தும் பாறையைத் தேடி வருகின்றன. அடங்கிய பாறைக்கு வருவது குறைந்தது.

அப்புறம், பெரிய மீனை எண்ண வேண்டாம், அது எப்படியும் உங்கள் கண்ணில் படும். கல்லின் அடிப்பொந்தில் தலையை விட்டு, விரல் நீளத்தில் களவாக்குஞ்சு எத்தனை நிற்கிறது என்று எண்ணி, அந்த எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.